ஆன்லைன் சர்வேயில் பதில் சொல்லாதவர்களை எப்படிக் கணக்கில் கொண்டுவருவது?

கேள்வி: எம்.ஏ. சமூகப்பணி படிக்கிறேன். எங்கள் கல்லூரியில் எத்தனை மாணவர்கள் படித்துக்கொண்டே பகுதிநேர வேலைக்குப் போகிறார்கள் என்பதுதான் என் ப்ராஜெக்ட். கூகுள் ஃபார்ம் செய்து எல்லா வகுப்பு வாட்ஸாப் குழுக்களிலும் போட்டேன். மொத்தம் 4,200 பேரில் 1,140 பேர் பதில் அனுப்பிவிட்டார்கள். 19% வேலைக்குப் போவதாக வந்திருக்கிறது. கைடு "சார்புள்ள மாதிரி, அப்படியே ஏற்க முடியாது" என்கிறார். நாலில் ஒருவருக்கு மேல் பதில் சொல்லியும் ஏன் போதாது? இன்னும் எத்தனை பேரிடம் வாங்க வேண்டும்?

பதில்:

அந்த லிங்க் வழியாக இனி ஒருவரிடமும் வாங்க வேண்டாம். குறை எண்ணிக்கையில் இல்லை. மீதி 3,060 பேர் ஏன் பேசவில்லை என்பதில்தான் இருக்கிறது.

வேலைக்குப் போகிற மாணவரின் நாளை யோசித்துப் பாருங்கள். மதியம் வகுப்பு முடிந்ததும் ஜவுளிக்கடைக்கோ கேட்டரிங்குக்கோ உணவு டெலிவரிக்கோ ஓடுகிறார். இரவு பத்து மணிக்கு மேல்தான் வாட்ஸாப்பைத் திறக்கிறார். அதற்குள் உங்கள் லிங்க் எண்பது மெசேஜுக்குக் கீழே போயிருக்கும். மாலையில் வீட்டில் இருக்கிற மாணவரோ மூன்று நிமிடத்தில் ஃபார்மை நிரப்பி அனுப்பிவிடுகிறார். நீங்கள் அளக்க வந்த விஷயமே ஒருவரைப் பதில் சொல்ல விடாமல் தடுக்கிறது. பதிலளிக்காமையில் மிக மோசமான வகை இதுதான். 1,140 பேர் 2,000 பேர் ஆனாலும், வருகிறவர்கள் அதே மாதிரி ஆட்களாக இருந்தால் உங்கள் 19% அசையாது. தவறான விடைமேல் உங்களுக்கு நம்பிக்கை கூடும், அவ்வளவுதான்.

இதில் இரண்டு தனித்தனிக் கோளாறுகள் கலந்திருக்கின்றன. ஒன்று, லிங்க் யாரை எட்டவே இல்லை என்பது. குழுவிலிருந்து வெளியேறியவர், எண் மாற்றியவர், குழுவை மியூட்டில் போட்டிருப்பவர் எல்லாம் இதில் வருவார்கள். இன்னொன்று, எட்டியும் யார் பதில் சொல்லவில்லை என்பது. முதலாவதைச் சரிசெய்யப் பெயர்ப்பட்டியல் வேண்டும், இரண்டாவதற்குத் திரும்பத் திரும்பத் தேடிப்போக வேண்டும். திறந்த லிங்கை வைத்துக்கொண்டு இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கவே முடியாது. அதோடு, உங்கள் 1,140-ல் எத்தனை பேர் இரண்டு முறை நிரப்பினார்கள், ஃபார்வர்டு ஆகிப் போய் வேறு கல்லூரி மாணவர் எத்தனை பேர் நிரப்பினார்கள் என்பதும் உங்களுக்குத் தெரியாது.

பெரிய எண்ணிக்கை எந்த அளவுக்கு ஏமாற்றும் என்பதற்கு நன்றாக ஆராயப்பட்ட நிகழ்வு ஒன்று உண்டு. 2021-ல் அமெரிக்காவில் எத்தனை பேர் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டார்கள் என்பதை மூன்று ஆன்லைன் சர்வேக்கள் தொடர்ந்து கேட்டுவந்தன. கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தின் டெல்ஃபி குழு ஃபேஸ்புக் வழியாக நடத்தியதில் வாரத்துக்குச் சுமார் 2,50,000 பதில்கள் வந்தன. அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை நடத்தியதில் இரண்டு வாரத்துக்குச் சுமார் 75,000. ஆக்ஸியோஸ்–இப்ஸோஸ் சர்வேயில் ஒவ்வொரு சுற்றுக்கும் சுமார் 1,000 பேர் மட்டும். ஊசி போட்டவர்களின் எண்ணிக்கையை அந்நாட்டு நோய்க்கட்டுப்பாட்டு மையம் தனியாக வெளியிட்டு வந்ததால், எது சரி என்று ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. மே மாதத்தில், குறைந்தது ஒரு ஊசியாவது போட்டவர்களின் விகிதத்தை ஃபேஸ்புக் சர்வே 17 புள்ளிகள் கூட்டிக் காட்டியது. கணக்கெடுப்புத் துறையின் சர்வே 14 புள்ளிகள் கூட்டிக் காட்டியது. ஆயிரம் பேரைக் கேட்டதுதான் உண்மைக்கு மிக அருகில் இருந்தது. வாலெரி பிராட்லி, ஷியாவ்-லி மெங் முதலானோர் இதை அதே ஆண்டு டிசம்பரில் 'நேச்சர்' இதழில் விரிவாக எழுதினார்கள்.

அந்த ஆயிரம் பேரைத் தேர்ந்தெடுத்த முறையைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். இப்ஸோஸ் தன் குழுவில் சேர்க்க வேண்டியவர்களை அஞ்சல் முகவரிப் பட்டியலிலிருந்து சீரற்ற முறையில் எடுக்கிறது. இணைய வசதி இல்லாத வீட்டுக்கு டேப்லெட்டும் இணைப்பும் தானே கொடுக்கிறது. அந்தச் சர்வேக்கு அழைக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் பதில் சொன்னார்கள். ஃபேஸ்புக்கில் அழைப்பைப் பார்த்தவர்களில் சுமார் 1% பேர்தான் பதில் சொன்னார்கள். அந்த ஒரு சதவீதத்தினரும் தடுப்பூசி விஷயத்தில் மற்றவர்களைப் போல இல்லை.

ஒரு சின்னக் கணக்கு இதைத் தெளிவாகக் காட்டும். ஒழுங்காகச் சீரற்ற முறையில் எத்தனை பேரைக் கேட்டால் சராசரியாக இதே அளவு பிழை வரும் என்று பார்ப்பது அது. உண்மை விகிதம் p என்றால்:

```
p × (1 − p) ÷ (பிழை × பிழை)
```

உண்மை விகிதத்தைச் சுமார் 53% என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 0.53 × 0.47 ÷ (0.17 × 0.17) = 8.6. அதாவது இரண்டரை லட்சம் பதில்களுக்கு, குலுக்கி எடுத்த ஒன்பது பேரின் மதிப்புதான் இருந்தது. இந்தச் சூத்திரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் 1,140-க்கும் போட்டுப் பார்க்கப் போகிறோம்.

சரி, என்ன செய்யலாம்? கீழே வரும் எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. உங்கள் கல்லூரியில் வேறு எண்கள் வரும், வழிமுறை மாறாது.

முதலில் பட்டியல். கல்லூரி அலுவலகத்தில் 4,200 பேரின் பெயர், துறை, ஆண்டு, ஷிஃப்ட், கைபேசி எண் இருக்கும். கைடு கையெழுத்தோடு முதல்வருக்கு ஒரு கடிதம் கொடுத்தால், ஆய்வுக்கு மட்டும் பயன்படுத்துவோம் என்ற உறுதியின் பேரில் பெரும்பாலும் கிடைத்துவிடும். அதை ஷீட்டில் போட்டு, ஒரு காலி நெடுவரிசையில் `=RAND()` கொடுங்கள். அந்த எண்கள் ஒவ்வொரு முறை ஷீட்டைத் தொடும்போதும் மாறிக்கொண்டே இருக்கும். ஆகவே நெடுவரிசையை நகலெடுத்து `Ctrl+Shift+V` அழுத்தி வெறும் மதிப்பாக ஒட்டுங்கள். பிறகு அதை வைத்து வரிசைப்படுத்தி மேலே உள்ள 400 பேரை எடுங்கள். இனி உங்கள் சர்வே இந்த 400 பேருக்கு மட்டும்தான். ஒருவர் பிடிபடவில்லை என்றால் அவருக்குப் பதிலாக 401-வது ஆளைச் சேர்த்துக்கொள்ளக் கூடாது. கள ஆய்வில் மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு இது. பிடிபடாதவரின் இடத்தில் எளிதாகப் பிடிபடுகிறவரை வைத்தால், விரட்ட நினைத்த சார்பு பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிடும்.

அடுத்து, ஆளுக்கு ஒரு லிங்க். கூகுள் ஃபார்மின் மெனுவில் `Pre-fill form` அல்லது `Get pre-filled link` என்று ஒன்று இருக்கிறது. ஃபார்மில் குறியீட்டு எண்ணுக்கு ஒரு கேள்வி வைத்து, இதன் வழியாக லிங்க் எடுத்தால் இப்படி வரும்:

```
https://docs.google.com/forms/d/e/FORM_ID/viewform?usp=pp_url&entry.123456789=K217
```

கடைசியில் உள்ள `K217` மட்டும் ஒவ்வொருவருக்கும் மாறும். எந்தக் குறியீடு யாருக்கு என்ற பட்டியல் உங்களிடம் தனிக் கோப்பில் இருக்கட்டும், துறை ஆசிரியர்களிடம் போகவே கூடாது. இதை மாணவர்களிடமும் முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். யார் பதில் சொன்னார், யார் சொல்லவில்லை என்பது இப்போது தெரிவதால், சொல்லாதவர்களுக்கு மட்டும் நினைவூட்டல் அனுப்ப முடியும். இரட்டைப் பதிலும் வெளி ஆள் பதிலும் கண்ணில் பட்டுவிடும். `Limit to 1 response` அமைப்பைப் போட வேண்டாம். அது கூகுள் கணக்கில் உள்நுழையச் சொல்லும், வீட்டில் இன்னொருவரோடு ஃபோனைப் பகிர்ந்துகொள்கிற மாணவர் அங்கேயே நின்றுவிடுவார்.

அழைப்பில் "பகுதிநேர வேலை பற்றிய ஆய்வு" என்று தலைப்பு வைத்தால், வேலைக்குப் போகாதவர் "நமக்கு இல்லை" என்று நகர்ந்துவிடுவார். வேலையை ஆசிரியர்களுக்குத் தெரியாமல் பார்க்கிறவர் பயந்து விலகுவார். "மாணவர்கள் நேரத்தை எப்படிச் செலவிடுகிறார்கள்" என்று பொதுவாக வையுங்கள், அது பொய்யும் இல்லை. குழுவில் போடாமல் தனித்தனியாக, பெயர் சொல்லி அனுப்புங்கள். நினைவூட்டல்களை வேறு வேறு நேரத்தில் அனுப்புங்கள்: ஒன்று வார நாள் இரவு பத்தரைக்கு, இன்னொன்று ஞாயிறு காலை. பரிசுக் குலுக்கல் எல்லாம் பெரிதாக உதவாது. கையில் கொஞ்சம் பணம் இருந்தால், பதில் சொன்ன பிறகு தருகிறேன் என்பதைவிட முன்கூட்டியே சின்னத் தொகை கொடுப்பது நன்றாக வேலை செய்கிறது என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உங்களிடம் பணம் இருக்காது என்று நினைக்கிறேன், அந்த உழைப்பை அடுத்த கட்டத்தில் போடுங்கள்.

முதல் அழைப்புக்கு 118 பேர் பதில் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதில் வேலைக்குப் போகிறவர்கள் 19 பேர், அதாவது 16%. முதல் நினைவூட்டலுக்குப் பிறகு 56 பேர் வருகிறார்கள், அவர்களில் 13 பேர், 23%. இரண்டாம் நினைவூட்டலில் 36 பேர், அவர்களில் 10 பேர், 28%. மொத்தம் 210 பேரில் 42 பேர், 20%. இந்தச் சராசரியை மட்டும் பார்த்தால் உங்கள் பழைய 19%-க்கு இது ஆதரவு போலத் தெரியும். சுற்றுவாரியாகப் பிரித்துப் பார்த்தால்தான் விஷயம் புரியும். எவ்வளவு தாமதமாகப் பதில் வருகிறதோ அவ்வளவு அதிகமாக வேலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படியானால் கடைசிவரை பதில் சொல்லாத 190 பேரில் இன்னும் அதிகமாக இருக்க வாய்ப்புண்டு. மூன்று சுற்றிலும் விகிதம் ஒரே மாதிரி இருந்திருந்தால் கவலை கொஞ்சம் குறைந்திருக்கும். இந்த ஒப்பீட்டுக்குத் தனியாகச் செலவே இல்லை, பதில் வந்த தேதி ஷீட்டிலேயே இருக்கிறது. இருந்தும் பல ஆய்வறிக்கைகளில் இதை யாரும் செய்து பார்ப்பதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

ஆனால் இது வெறும் அறிகுறிதான், அளவு இல்லை. அளவு தெரிய ஒரு பழைய வழி இருக்கிறது. அமெரிக்கக் கணக்கெடுப்புத் துறையில் இருந்த மாரிஸ் ஹேன்சனும் வில்லியம் ஹர்விட்ஸும் 1946-ல் இதை முன்வைத்தார்கள். அன்று தபாலில் கேள்வித்தாள் அனுப்பினால் பலர் திருப்பி அனுப்பவில்லை. எல்லோரையும் நேரில் போய்ப் பார்க்கச் செலவு தாங்காது. பதில் சொல்லாதவர்களிலிருந்தே ஒரு சிறு பகுதியைக் குலுக்கி எடுத்து, அவர்களை மட்டும் விடாமல் தேடிப்போய்க் கேட்பது என்று முடிவு செய்தார்கள். ஆன்லைன் சர்வேக்கு இன்றைக்கும் இதைவிடச் சிறந்த மருந்து எனக்குத் தெரியாது.

உங்கள் 190 பேரிலிருந்து சீரற்ற முறையில் 60 பேரை எடுங்கள். இவர்களிடம் முழு ஃபார்மும் கேட்க வேண்டாம், மூன்று கேள்வி போதும். அதில் முக்கியமானது: "கடந்த ஏழு நாட்களில் சம்பளத்துக்காக ஒரு மணி நேரமாவது வேலை செய்தீர்களா?" ஃபோனில் கேளுங்கள். எடுக்கவில்லை என்றால் வகுப்பு முடியும் நேரத்தில் வாசலில் போய்ப் பாருங்கள். கேட்கிறவர் சக மாணவராக இருக்க வேண்டும். துறை ஆசிரியர் கூப்பிட்டுக் கேட்டால் "இல்லை சார்" என்றுதான் பதில் வரும். ஃபோனில் நேராகக் கேட்பதே ஃபார்மில் நிரப்புவதிலிருந்து கொஞ்சம் மாறுபட்ட பதிலைத் தரலாம் என்பதையும் மனதில் வையுங்கள். 60 பேரில் 54 பேர் கிடைத்து, அவர்களில் 20 பேர் வேலைக்குப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அது 37%. இப்போது கணக்கு:

```
(210 × 0.20 + 190 × 0.37) ÷ 400 = 0.28
```

விடை 28%. அந்த 54 பேர் தங்களை மட்டுமல்ல, பதில் சொல்லாத 190 பேரையும் சேர்த்துப் பேசுகிறார்கள். அதனால்தான் 37%-ஐ 190-ஆல் பெருக்குகிறோம். 210-ஐயும் 54-ஐயும் ஒன்றாகக் கொட்டிச் சராசரி எடுத்தால் 23% வரும், அது தவறு. பிழை வரம்பு ஏறத்தாழ 7 புள்ளிகள், ஆகவே 21%-லிருந்து 35%-க்குள் என்று எழுதலாம். கடைசிவரை கிடைக்காத 6 பேரைப் பற்றியும் சொல்லிவிடலாம். ஆறு பேருமே வேலைக்குப் போகாதவர்கள் என்றால் விடை 26%, ஆறு பேருமே போகிறவர்கள் என்றால் 31%. இதே சோதனையை உங்கள் பழைய தரவில் செய்து பாருங்கள். பதில் சொல்லாத 3,060 பேரில் ஒருவருமே வேலைக்குப் போகவில்லை என்றால் 5%, எல்லோருமே போகிறார்கள் என்றால் 78%. நிஜத்தில் இரண்டுமே நடக்காதுதான். ஆனால் அந்த இடைவெளியைச் சுருக்க உங்கள் தரவுக்குள் எதுவுமே இல்லை.

உண்மை 28% என்றால், உங்கள் 19% ஒன்பது புள்ளி தவறு. சூத்திரத்தில் போடுங்கள்: 0.28 × 0.72 ÷ (0.09 × 0.09) = 25. வழக்கமான முறையில் கணக்கிட்டால் 1,140 பேருக்கான பிழை வரம்பு 2.3 புள்ளிதான் என்று மென்பொருள் காட்டும். அது குலுக்கி எடுத்த மாதிரிக்கான வரம்பு, தானாக வந்து சேர்ந்தவர்களுக்குப் பொருந்தாது.

"எடை கொடுத்துச் சரிசெய்யலாமே" என்று யாராவது சொல்வார்கள். குறைவாக வந்த குழுவின் பதில்களைக் கூட்டியும் அதிகமாக வந்த குழுவின் பதில்களைக் குறைத்தும் எண்ணுவதுதான் எடையிடுவது. அது நல்லதுதான், அதன் எல்லையையும் தெரிந்துகொள்ள வேண்டும். அரசுப் பள்ளியில் படித்து வந்து புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களில் மாதம் ₹1,000 பெறுகிற மாணவர்களின் எண்ணிக்கை உங்கள் கல்லூரிக்குத் தெரியும். அலுவலகக் கணக்கில் அவர்கள் 46%, உங்கள் 1,140 பேரில் 33% மட்டும் என்று வைத்துக்கொள்வோம். யார் விடுபட்டார்கள் என்பது உடனே தெரிந்துவிட்டது. இப்படி வெளியே உண்மை தெரிந்த ஒரு கேள்வியை ஒவ்வொரு சர்வேயிலும் வைப்பது மிகப் பயனுள்ள பழக்கம். இப்போது அவர்கள் ஒவ்வொருவருக்கும் 46 ÷ 33 = 1.39 எடை, மற்றவர்களுக்கு 54 ÷ 67 = 0.81. உதவித்தொகை பெறுகிறவர்களில் 27%, மற்றவர்களில் 15% வேலைக்குப் போவதாகப் பதில் வந்திருந்தால், எடை போட்ட பிறகு 19% என்பது 20.5% ஆகும். திசை சரி, ஆனால் 28%-ஐ நெருங்கக்கூட இல்லை. காரணம், எடை இரண்டு குழுக்களுக்கு இடையிலான ஏற்றத்தாழ்வை மட்டுமே சமன் செய்கிறது. ஒரே குழுவுக்குள்ளேயே வேலைக்குப் போகிறவர் பேசாமல் இருந்தால் அதை எந்த எடையாலும் கொண்டுவர முடியாது. ஃபேஸ்புக் சர்வேயிலும் வயதுக்கும் பாலினத்துக்கும் எடை போட்டார்கள். கல்வித்தகுதிக்கும் இனத்துக்கும் போடவில்லை. அவற்றுக்கும் எடை போட்ட கணக்கெடுப்புத் துறை சர்வேயே 14 புள்ளி தவறியது என்பதை மறக்க வேண்டாம்.

பட்டியல் கிடைக்கவே இல்லை என்றால்? அப்போதும் ஒரு வழி உண்டு. வகுப்புகளைப் பட்டியலிட்டு, அவற்றில் சிலவற்றைக் குலுக்கி எடுத்து, முதல் பாடவேளையில் நேரில் போய்த் தாளில் நிரப்பி வாங்குங்கள். அன்று வராதவர்களை வருகைப்பதிவேட்டில் குறித்துக்கொண்டு அடுத்த வாரம் தேடுங்கள். வேலை காரணமாக வகுப்பைத் தவறவிடுகிறவர்கள் அவர்களில்தான் இருப்பார்கள். ஒரே வகுப்பினர் ஒருவரையொருவர் ஒத்திருப்பதால், 400 தனி ஆட்களைக் குலுக்கியதைவிடப் பிழை வரம்பு கூடும். வகுப்புகளின் எண்ணிக்கையைக் கூட்டி, ஒவ்வொன்றிலும் சிலரை மட்டும் எடுத்தால் அது குறையும்.

ஏற்கெனவே வாங்கிய 1,140 பதில்களைத் தூக்கிப்போட வேண்டாம். எத்தனை சதவீதம் என்று சொல்ல அவை உதவாது. எப்படிப்பட்ட வேலைகளுக்குப் போகிறார்கள், ஏன் போகிறார்கள், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் போகிறது, என்ன சம்பளம் என்று வேலைக்குப் போவதாகச் சொன்ன 217 பேர் எழுதியிருப்பதை, "பதில் சொன்னவர்கள் மத்தியில்" என்ற குறிப்போடு தனி இயலாக வைக்கலாம். சதவீதத்துக்கான இயலில் இப்படி ஒரு வரிசை இருக்கட்டும்: தேர்ந்தெடுத்தவர்கள் 400, ஆன்லைனில் பதில் சொன்னவர்கள் 210, மீதியில் தொடர்ந்து தேடக் குலுக்கி எடுத்தவர்கள் 60, கிடைத்தவர்கள் 54, கிடைக்காதவர்கள் 6. அதன் கீழே மூன்று சுற்று விகிதங்களையும் போட்டுவிட்டு, அப்புறம் 28% என்று எழுதுங்கள்.